பசு என்று சொன்னால்தான் உண்டு

அம்பாசமுத்திரத்தில் நான் வளர்ந்த எழுபதுகளில், பிள்ளையின் சிநேகிதியை வீட்டுக்கு வரவேற்பது என்றொரு காரியமே கிடையாது. சிநேகிதி வருவாள், அவ்வளவுதான். வாய் உள்ளவள் தெருவில் நின்றே என் பெயரைச் சொல்லிக் கத்துவாள். கூச்சப்படுகிறவள் தார்சாத் தூணைக் கட்டிக்கொண்டு, யார் கண்ணிலாவது படும்வரை நிற்பாள். சில நாள் அரைமணி நேரம்கூட நின்றிருப்பாள். யாரும் பதறியது கிடையாது. நின்றால் நிற்கட்டும், காலா வலிக்கப் போகிறது என்பது எங்கள் வீட்டு விருந்தோம்பல்.

இப்போது நான் சென்னையில் மகள் வீட்டில் இருக்கிறேன். பேத்தி இரண்டாம் வகுப்பு. அவளுடைய வகுப்புத் தோழி ஒருத்தி முதல்முறையாக வீட்டுக்கு வரப்போகிறாள் என்பது பத்து நாளுக்கு முன்பே முடிவாகிவிட்டது. இரண்டு அம்மாக்களும் வாட்ஸ்அப்பில் பேசி, சனிக்கிழமை மாலை நாலு முதல் ஆறு வரை என்று நேரம் குறித்தார்கள். எங்கள் காலத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள்கூட இவ்வளவு துல்லியமாகச் சொல்லிவிட்டு வந்ததில்லை. குழந்தைக்கு எந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்று மகள் கேட்டாள். வேர்க்கடலை ஆகாது என்று பதில் வந்தது. இது ஒன்றை நான் கேலி செய்ய மாட்டேன். எங்கள் ஊரில் கடலை மிட்டாய் தின்றுவிட்டு உதடு வீங்கிய பிள்ளைக்கு வேப்பிலை அடித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக இன்னொரு கேள்வியும் போனது: “வெஜ்ஜா, நான்வெஜ்ஜா?” சமையலுக்காகத்தான் கேட்டார்கள். எனக்கு எங்கள் ஆச்சி ஞாபகம் வந்தாள்.

தூணருகே நிற்கும் பிள்ளையை எங்கள் ஆச்சி பார்த்துவிட்டால் விசாரணை தொடங்கிவிடும். “யாரு மகளா நீ? ஐயா என்ன சோலி பாக்காரு? எந்தத் தெருவு?” முதல் இரண்டும் ஒப்புக்கு. மூன்றாவதுதான் கேள்வி. தெருப் பெயரைச் சொன்னால் சாதி தெரிந்துவிடும். அந்தப் பதிலைப் பொறுத்து அந்தப் பிள்ளை பட்டாசல்வரை வரலாமா, அடுக்களை வாசல்வரை வரலாமா, தார்சாவோடு சரியா என்பது முடிவாகும். என் வகுப்பில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருத்திக்கு எங்கள் வீட்டில் தம்ளர் கிடையாது. செம்பை உயரத் தூக்கி அவள் கையில் தண்ணீர் ஊற்றினார்கள். அவள் குடித்துவிட்டுப் பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு போனாள். பிறகு வரவில்லை. கூச்ச சுபாவம், அதனால்தான் வரவில்லை என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். ஆகவே, அந்தக் காலத்து வீடுகளில் கதவே மூடாது, யாரும் வரலாம் போகலாம் என்று யாராவது உருகினால் நான் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொள்வேன்.

இப்போது தெருவெல்லாம் யாரும் கேட்பதில்லை. எந்த பிளாக், எத்தனை பெட்ரூம், சொந்தமா வாடகையா என்று மட்டும்தான் கேட்கிறார்கள்.

சனிக்கிழமை வந்தது. ஹாலில் இருபது பலூன். சுவரில் தோழியின் பெயர் எழுதிய தாள் தோரணம். மூலையில் ஸ்பீக்கரில் ஆங்கிலப் பாட்டு. மேசையில் கப் கேக், பீட்சா, இரண்டு வகை ஜூஸ். விளையாட வழவழவென்று ஊதா நிறத்தில் ஒரு பசைச் சாமான்; அதை எதற்கு விலை கொடுத்து வாங்குகிறார்கள் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. சரியாக நாலு மணிக்குக் கீழே காவலாளி போன் செய்து அனுமதி கேட்டார். அனுமதி தரப்பட்டது. லிப்ட் கதவு திறந்தது. அம்மாவின் துப்பட்டாவுக்குப் பின்னால் ஒரு ஜோடி கண் மட்டும் தெரிந்தது.

குழந்தையின் கண்மட்டத்துக்கு இறங்கிப் பேச வேண்டும் என்று மாப்பிள்ளை எங்கோ படித்திருக்கிறார். மண்டியிட்டு, முகத்துக்கு நேரே முகம் வைத்து, கையை உயர்த்தி “ஹாய்! ஹை ஃபைவ்!” என்றார். கண்கள் துப்பட்டாவுக்குள் போய்விட்டன. மகள் குனிந்தாள். “வாடா செல்லம், உன் பேர் என்ன சொல்லு?” தோரணத்திலேயே எழுதியிருக்கிறது. அந்த அம்மாவுக்குச் சங்கடமாகிவிட்டது. “வீட்டுல வாய் ஓயாதுங்க, வெளியில வந்தா இப்படித்தான். ரொம்ப ஷை. சொல்லும்மா, ஆன்ட்டி கேக்கறாங்கள்ல, வாயில என்ன கொழுக்கட்டையா?” ஆறு பெரிய கண்களும் பேத்தியின் இரண்டு கண்களும் அந்தப் பிள்ளையின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றன. என் கண் இரண்டைச் சேர்க்க வேண்டாம் என்று நான் அடுக்களைக்குப் போய்விட்டேன்.

கூச்சப்படுகிற குழந்தைக்கு நம்மைப் பிடிக்காமல் இல்லை. பார்க்கப்படுவதுதான் அதற்குத் தாங்கவில்லை. நேருக்கு நேர் முகம், பேர் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் மௌனம், எல்லோர் முன்னாலும் ‘ஷை’ என்று குத்தப்படும் முத்திரை, இந்த மூன்றையும் அது வந்த முதல் நிமிடத்திலேயே கொடுத்துவிட்டோம். முத்திரை குத்தியபின் அந்தப் பிள்ளைக்கு ஒரு சௌகரியமும் உண்டு. இனிமேல் அது பேசாமலிருப்பதுதான் எல்லோரும் எதிர்பார்ப்பது; பேசினால்தான் செய்தி.

இதற்கு ஆராய்ச்சி உண்டு என்று மகள்தான் பிறகு சொன்னாள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஜெரோம் கேகன் என்ற உளவியலாளர் நாலு மாதக் குழந்தைகளுக்கு முன்னால் வண்ணத் தொங்கட்டான்களை ஆட்டினார், பழக்கமில்லாத குரலையும் வாசனையையும் காட்டினார். ஏறத்தாழ ஐந்தில் ஒரு குழந்தை கை காலை உதைத்துக்கொண்டு அழுதது. அப்படி அழுதவற்றில் பல, இரண்டு வயதில் புது மனிதர், புது இடம் என்றால் ஒதுங்கி நின்றன. எல்லாமே வளர்ந்தபிறகும் அப்படியே இருந்துவிடவில்லை. ஆனால் புதியது எதிரே வந்தால் அந்தக் குழந்தைகளுக்கு உடம்பே திணறுகிறது என்பது அவர் கண்டது. மகள் இதை மிகுந்த அக்கறையோடு விளக்கினாள். தொங்கட்டான், புதுக் குரல், புது வாசனை. அன்று எங்கள் ஹாலில் பலூனும் ஸ்பீக்கரும் பீட்சாவுமாக அதே சோதனையைத்தான், பணம் செலவழித்து, செய்துகொண்டிருந்தோம்.

எங்கள் ஆச்சி விசாரணையில் எவ்வளவு கொடுமைக்காரியோ, அதில் தேறி உள்ளே வந்த பிள்ளையிடம் அவ்வளவு அலட்சியமாக இருப்பாள். அந்த அலட்சியம்தான் மருந்து. மாசி பங்குனியில் பட்டாசல் நடுவில் சாக்கை விரித்துப் புளி குவித்திருக்கும். ஆளாளுக்குச் சுற்றி உட்கார்ந்து கொட்டை எடுப்பார்கள். “சும்மாத்தான நிக்க, இந்தா இதப் பிடி” என்று வந்தவள் கையிலும் நாலு புளியம்பழத்தைத் திணிப்பாள். மற்ற மாதங்களில் முருங்கைக்கீரை. காம்பைப் பிடித்து இலையை உருவி முறத்தில் போட வேண்டும். இந்த வேலைகளில் ஒரு விசேஷம், யாரும் யார் முகத்தையும் பார்க்க முடியாது. எல்லோர் பார்வையும் முறத்தில். பேசினாலும் பேசலாம், பேசாவிட்டாலும் யாருக்கும் தெரியாது. கால் மணி நேரத்தில் அவளாகவே “எங்க வீட்டு முருங்கைல கம்பளிப்பூச்சி உண்டு” என்பாள். ஆச்சி நிமிராமலே “எல்லா முருங்கையிலயும்தான் உண்டு” என்பாள். அறிமுகம் முடிந்தது. குழந்தைத் தொழிலாளர் முறை என்று இன்று யாராவது சொல்லலாம். கொஞ்சம் உண்மைதான், அரை மரக்கால் கொட்டையை எங்கள் சிநேகிதிகளை வைத்தே எடுத்து முடித்துவிடுவாள்.

சாப்பாட்டில் மட்டும் அவளுக்கு அந்த நிதானம் கிடையாது. வந்த பிள்ளை இலையில் அவள் கையாலேயே தோசை விழும். போதும் என்று சொல்லத் தெரிந்தவள் தப்பினாள். சொல்லக் கூச்சப்படுகிறவள் விழுந்ததை எல்லாம் தின்பாள். தின்பதைப் பார்த்து, பாவம் பசி என்று மேலும் விழும். ஒருத்தி எல்லாவற்றையும் தின்றுவிட்டு எங்கள் புறவாசல் துளசிமாடத்துக்குப் பக்கத்தில் வாந்தி எடுத்தாள். அது கண்ணேறு என்று முடிவு செய்து அவளுக்கு மிளகாய் சுற்றிப் போட்டார்கள்.

இங்கே அந்தத் தொல்லை இல்லை, நேர்மாறான தொல்லை. “பீட்சா வேணுமா, கேக் வேணுமா, பாஸ்தா செஞ்சு தரவா, மேகி பிடிக்குமா?” இதைவிட ஒரு கணக்குப் பரீட்சை நடத்தியிருக்கலாம். எதைச் சொன்னால் சரி என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. தலையை ஆட்டியது. வேண்டும் என்றா வேண்டாம் என்றா என்று பெரியவர்கள் மூன்று பேர் ஆலோசித்தார்கள். பிறகு நான் ஒரு தட்டில் முறுக்கை உடைத்துப் போட்டு, இரண்டு பிள்ளைகளுக்கும் நடுவில் தரையில் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வந்தேன். நடுவில் வைப்பது முக்கியம். தனித் தட்டில் வைத்தால் மிச்சம் வைத்தது தெரியும், எவ்வளவு எடுத்தோம் என்பதும் தெரியும். பொதுத் தட்டில் யார் கை எத்தனை முறை போனது என்று யாரும் எண்ணுவதில்லை. உடைத்துப் போட்டதற்கும் காரணம் உண்டு: முழு முறுக்கை எடுக்க அந்தப் பிள்ளை யோசிக்கும், துண்டுக்கு யோசிக்காது.

அதற்குள் இன்னொரு சிக்கல் பக்குவமாகிக்கொண்டிருந்தது. அந்த அம்மா, பிள்ளை கவனிக்காத நேரம் பார்த்து நழுவிவிடலாமா என்று மகளிடம் கண்ணால் கேட்டாள். நழுவினால் மீதி நேரம் முழுக்க அந்தப் பிள்ளை கதவையே பார்த்துக்கொண்டிருக்கும். நான் குறுக்கிட்டு, சொல்லிவிட்டே போங்கள் என்றேன். அவள் நல்ல பெண். சுவர்க் கடிகாரத்தைக் காட்டி, “சின்ன முள் நேரா கீழ போய் நிக்கும்போது அம்மா வாசல்ல நிப்பேன்” என்று சொல்லிவிட்டுப் போனாள். பிள்ளை அழவில்லை. அதன்பின் நாலைந்து தரம் கடிகாரத்தைப் பார்த்தது. பார்க்கப் பார்க்க அந்த இடைவெளி நீண்டது. அது தேறி வருகிறது என்று எனக்குத் தெரிந்தது அப்படித்தான்.

இன்னொன்றும் நான் கவனித்தேன். ஜூஸை அது தொடவே இல்லை. ஒரு காலை இன்னொரு காலோடு பின்னிக்கொண்டு நின்றது. எங்கள் ஊரில் இப்படி நின்ற பிள்ளைகள் திடீரென்று “வீட்டுக்குப் போறேன்” என்று ஓடிவிடுவார்கள். புறவாசலில் விளக்கில்லாத கழிப்பறை, பக்கத்தில் கிணறு, கிணற்றில் பேய் என்று வேறு நாங்களே சொல்லி வைத்திருப்போம். பிறகு யார் போவார்கள்? ஆச்சியைக் கேட்டால், “அந்தப் பிள்ளைக்கு ஒரு இடத்துல இருப்புக் கொள்ளாது” என்பாள். இங்கே பேயும் கிணறும் இல்லை. ஆனால் கழிப்பறை படுக்கையறைக்குள் இருக்கிறது. அடுத்த வீட்டுப் படுக்கையறைக்குள் நுழையக் கூடாது என்று அதற்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நாலு சுவிட்சில் எது விளக்கு என்று தெரியாது. தாழ்ப்பாள் இறுகிப் போனால் திறக்க வருமா என்ற பயம் வேறு. வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்லும். ஆகவே பேத்தியைக் கூப்பிட்டு, “உன் ரூமையெல்லாம் சுத்திக் காமி, பாத்ரூம் சுவிட்சையும் காமி” என்றேன். பேத்தி வீடு காட்டும் தரகர்போல எல்லாக் கதவையும் திறந்து காட்டினாள். “தாழ்ப்பாள் போடாத, அது மாட்டிக்கும், நான் வெளியில காவல் நிக்கறேன்” என்று அவள் சொன்னது காதில் விழுந்தது. திரும்பி வந்ததும் ஜூஸ் காலியானது.

சரி, அடுத்து விளையாட்டு. அறையில் பேத்தியின் பொம்மைகள் மலைபோல் கிடந்தன. தோழி ஒன்றைத் தொட்டாள். “அது என்னோடது.” இன்னொன்று. “அது எனக்கு பர்த்டேக்கு வந்தது.” இரண்டாம் வகுப்பில் இது இயல்பு. உயிராக வைத்திருக்கும் இரண்டு மூன்றை முன்கூட்டியே பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தால் மீதியைத் தாராளமாகக் கொடுத்திருப்பாள். எங்களுக்கு அந்த யோசனையே தேவைப்பட்டதில்லை. எங்களுடையது என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமே கிடையாது. எடுத்துப்போட்ட புளியங்கொட்டைதான் விளையாட்டுச் சாமான், அதற்கு உரிமையாளர் யாருமில்லை.

என்னிடம் ஒரு மடக்குப் பல்லாங்குழிப் பலகை இருக்கிறது. ஒரு பக்கம் ஏழு குழி, மறுபக்கம் ஏழு. தரையில் விரித்துப் பேத்தியைக் கூப்பிட்டேன். தோழியைக் கூப்பிடவில்லை. குழிக்கு ஐந்து முத்து போட்டு இரண்டு பேரும் ஆடத் தொடங்கினோம். வந்தவள் கட்டில் ஓரத்தில் இருந்தாள். கொஞ்ச நேரத்தில் கட்டிலுக்குக் கீழே இருந்தாள். அப்புறம் பலகைக்கு ஒரு முழ தூரத்தில் இருந்தாள். நான் திரும்பவே இல்லை.

எங்கள் ஊர் ஆட்டத்தில் ஒரு குழி முத்தை அள்ளி அடுத்தடுத்த குழியில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். கை காலியானால் அடுத்த குழியிலிருந்து அள்ளி மறுபடி தொடரலாம். அடுத்த குழி வெறுமையாக இருந்தால் அதைத் துடைத்துவிட்டு, அதற்கடுத்த குழியில் உள்ளது உனக்கு, ஆட்டம் எதிராளிக்கு. இதற்கிடையில், அள்ளிக் காலியான குழிகளில் ஒன்று, இரண்டு, மூன்று என்று திரும்பச் சேரும். நாலாவது விழுந்ததும் அது பசு. யார் ஆடிக்கொண்டிருந்தாலும், யார் பக்கத்துக் குழியோ அவருக்குப் பசு சொந்தம். ஆனால் ஐந்தாவது விழுவதற்குள் ‘பசு’ என்று சொல்லி எடுத்துவிட வேண்டும். சொல்லாவிட்டால் போயிற்று.

“அடுப்புல பால் வச்சிருக்கேன், என் பக்கத்தை நீ பாத்துக்கோ, நாலு சேந்தா பசுன்னு சொல்லி எடுத்துக்கணும்” என்று பொதுவாகக் காற்றில் சொல்லிவிட்டு எழுந்தேன். அவளைப் பார்த்துச் சொல்லவில்லை. அடுப்பில் பால் இல்லை. அடுக்களை வாசலில் நின்று பார்த்தேன். அவள் என் இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். பேத்தி போட்டுக்கொண்டே போனாள். தோழியின் கடைசிக் குழியில் நாலு சேர்ந்தது. அவள் விரலை நீட்டிக் காட்டினாள், வாய் திறக்கவில்லை. பேத்திக்கு இரக்கம் என்பது கிடையாது, என் பரம்பரை. “வாயால சொன்னாத்தான் உண்டு” என்றபடி அடுத்த சுற்றில் ஐந்தாவதையும் போட்டுவிட்டாள். பெரியவர்கள் யாராவது இருந்திருந்தால் “பாவம் கொடுத்துடு” என்று கெடுத்திருப்பார்கள். அடுத்த பசு வந்தபோது மூச்சுக்காற்றுபோல ஒரு “பசு” வந்தது. எடுத்தாள். அதற்கடுத்தது மூன்றில் இருக்கும்போதே முட்டி போட்டுக் காத்திருந்து, நாலாவது விழுந்த கணத்தில் கட்டடம் அதிர “பசு!” என்றாள். மாப்பிள்ளை என்னவோ ஏதோ என்று ஹாலிலிருந்து ஓடிவந்தார். நல்லவேளை, அறைக்குள் நுழையுமுன் பிடித்து நிறுத்தினேன்.

பேசு பேசு என்றால் எதைப் பேசுவது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிவதில்லை. இங்கே பேச வேண்டிய சொல் ஒன்றுதான், அதுவும் தயாராக இருக்கிறது, சொன்னால் நாலு முத்து லாபம். எல்லாக் குழந்தைக்கும் இது பலிக்கும் என்று சொல்ல மாட்டேன். இரண்டு மணி நேரமும் ஒரு வார்த்தை பேசாமல் இருந்துவிட்டு, வீட்டுக்குப் போய் ஒன்றுவிடாமல் ஒப்பிக்கிற குழந்தைகள் உண்டு. அவர்களுக்கும் அது நல்ல மாலைதான். வீட்டில் வாய் ஓயாமல் பேசும் குழந்தை, பள்ளியில் மாதக்கணக்கில் ஒரு சொல்கூடப் பேசவில்லை என்றால் அது வேறு விஷயம், டாக்டரிடம்தான் போக வேண்டும். பல்லாங்குழி அதற்கு ஆகாது.

ஆறு மணிக்கு அம்மா வந்தபோது சின்ன முள்ளை யாரும் பார்க்கவில்லை. “இன்னும் ஒரே ஒரு ஆட்டம்” என்றாள் அந்தப் பிள்ளை, முழு வாக்கியமாக. கப் கேக் அப்படியே இருந்தது. பலூனை வாட்ச்மேன் பிள்ளைகளுக்குக் கொடுத்தோம்.

வெற்றியின் காரணத்தை அன்றிரவே மகளும் மாப்பிள்ளையும் ஆராய்ந்தார்கள். அடுத்த சனிக்கிழமைக்கு வகுப்பிலிருந்து இன்னும் மூன்று பேரைக் கூப்பிட்டாயிற்று. நிகழ்ச்சி நிரல் ப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது: 4.00 வரவேற்பு, 4.15 முதல் 4.45 வரை பல்லாங்குழி, நடத்துபவர் ஆச்சி. ஆன்லைனில் புதுப் பலகைகள் இரண்டு வந்திறங்கியிருக்கின்றன. முருங்கைக்கீரைக்கும் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளைகள் கூச்சம் தெளிந்து முதன்முதலாகப் பசு என்று சொல்லும் அந்தக் கணத்தை விடாமல் படம் பிடிப்பதற்காக, மாப்பிள்ளை பலகைக்கு நேர் எதிரே நிறுத்துவதற்கு ஒரு ட்ரைபாடும் வட்ட விளக்கும் வாங்கியிருக்கிறார்.